ஜூன் 12 கிடாய்க்கு விட்ட ஆடு எப்ப குட்டி போடும்? 150 நாள் கணக்குல குழப்பம்

சாமிமலை செல்வி
02.11.2024, இரவு 8.40

எங்க செவலை ஆட்ட ஜூன் மாசம் 12ஆம் திகதி கிடாய்க்கு விட்டோம், கலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கேன், அதுல சந்தேகமே இல்ல. மாமியார் சொல்றாங்க ஆட்டுக்கு அஞ்சு மாசம், அப்ப நவம்பர் 12ன்னு. பக்கத்து லயத்து அண்ணன் 150 நாள்ங்கிறாரு. நான் விரல் விட்டு எண்ணினா ஒரு தடவ 9 வருது, ஒரு தடவ 8 வருது. எனக்கு சரியான நாள் தெரியணும். ஏன்னா தீவாளிக்கே லீவு போட்டாச்சி, இனி ஒரு நாள் மலைக்கு போகலன்னாலும் பேர் போயிரும், சும்மா ஒரு வாரம் வீட்ல உக்கார முடியாது. போன தடவ ராத்திரில யாரும் பாக்காம குட்டி போட்டு, விடிஞ்சி பாத்தா பனியில வெறச்சி கெடந்திச்சி. அந்த குட்டி பொழைக்கல. இந்த தடவ பக்கத்துல இருக்கணும்.

ஆடு ஜமுனாபாரி கலப்பு, இது ரெண்டாவது ஈத்து.

தலவாக்கல குமார்
02.11.2024, இரவு 9.15

அஞ்சு மாசம்னா அஞ்சு மாசம் தான் தங்கச்சி, அதே திகதி. 12ல விட்டா 12ல போடும். எங்க கருப்பி 2023 பெப்ரவரி 8ல கிடாய்க்கு போனிச்சி, ஜூலை 8 காலையில டான்னு குட்டி. நாளெல்லாம் எண்ணி என்னாத்துக்கு மண்டைய ஒடைக்கிறீங்க.

வெலிமட ஐயா
03.11.2024, காலை 6.05

குமார் தம்பி சொன்னது அவர் ஆட்டுக்கு சரி, செல்வி ஆட்டுக்கு சரியில்ல. காரணம் பெப்ரவரி. பெப்ரவரியில 28 நாள் தான், அதனால அந்த மாசத்துல விட்ட ஆட்டுக்கு அஞ்சு மாசம் எண்ணினா சரியா 150 நாள் வந்து நிக்கும். ஜூன்ல விட்டா நடுவுல ஜூலை, ஓகஸ்ட், ஒக்டோபர்னு 31 நாள் மாசம் மூணு வருது, அஞ்சு மாசம்ங்கிறது 153 நாளாயிரும். அதனால மூணு நாள் கழிக்கணும். 12ல மூணு போனா 9.

நான் 30 வருசம் கால்நடை போதனாசிரியரா ஊர் ஊரா அலைஞ்சவன், ஆட்டுக்காரங்களுக்கு நான் சொல்லிக் குடுக்கிறது இது தான். மார்ச்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் எப்ப விட்டாலும் அஞ்சு மாசம் எண்ணி மூணு நாள் கழிங்க. ஒக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும் விட்டா ஒரு நாள் மட்டும் கழிங்க. பெப்ரவரின்னா அப்படியே அதே திகதி. நடுவுல பெப்ரவரி 29 வந்தா மட்டும் இன்னும் ஒரு நாள் கூட கழிக்கணும். இத மனசுல வச்சிக்கிட்டா விரல் எண்ண தேவையில்ல.

செல்விக்கு 8 வந்ததுக்கு காரணம் கிடாய்க்கு விட்ட நாளையே ஒண்ணுன்னு எண்ணினது. அது சைபர். அடுத்த நாள் தான் ஒண்ணு.

ஆனா 9ஆம் திகதின்னு சொன்னதும் அன்னைக்கு மட்டும் லீவு போட்றாதீங்க. 150ங்கிறது நடுப்புள்ளி. பெரும்பாலான ஆடு 145க்கும் 155க்கும் நடுவுல போட்டிரும், அதாவது 4ஆம் திகதியில இருந்து 14ஆம் திகதி வரைக்கும். வயித்துல ரெண்டு மூணு குட்டி இருந்தா கொஞ்சம் முந்தும், ஒத்தக் குட்டின்னா கொஞ்சம் சுணங்கும்.

ஒரே ஒரு கேள்வி. ஜூலை முதல் வாரத்துல ஆடு திரும்ப கத்திச்சா, வாலாட்டிச்சா?

சாமிமலை செல்வி
03.11.2024, இரவு 7.50

ஐயா இல்ல. யாரும் அப்பிடி சொல்லல. ஜூன் கடைசியில இருந்து ஜூலை 10 வரைக்கும் நான் கொழும்புல அக்கா வீட்ல இருந்தேன், அக்காவுக்கு ஒப்பரேசன். ஆட்ட மாமியாரும் தம்பியும் தான் பாத்தாங்க. மாமியார்கிட்ட கேட்டேன், அது நல்லா மேஞ்சிக்கிட்டு தான் இருந்திச்சின்னாங்க.

அப்ப 4ல இருந்து 14. பதினோரு நாள். ராத்திரி மட்டும் முழிச்சா போதும்னு பாக்குறேன். பகல்ல மாமியார் இருக்காங்க.

பதுளை ரோஜா
04.11.2024, பகல் 1.20

எங்ககிட்டயும் ஒரு குட்டி இருக்கு, அது பொறந்து இப்ப தான் 150 நாள் ஆகுது, இப்பவே குட்டி போடுமா? பாக்க அப்பிடி பெருசா இல்லையே. எனக்கு பயமா இருக்கு.

வெலிமட ஐயா
04.11.2024, மாலை 5.30

ரோஜா, இங்க பேசுறது வயித்துல குட்டி இருக்கிற நாள், ஆட்டோட வயசு இல்ல. உங்க குட்டிக்கு அஞ்சு மாசம் தான் வயசுன்னா அது இப்ப ஈனாது. ஆனா சினை பிடிக்கலாம், அந்த பயம் நியாயம். பொட்டைக்குட்டி நாலு அஞ்சு மாசத்துலயே பருவத்துக்கு வந்திரும், கூடப் பொறந்த கிடாக்குட்டி மூணு மாசத்துலயே ஏற ஆரம்பிக்கும். ஒரே கொட்டில்ல வச்சிருக்கீங்களா? இன்னைக்கே பிரிச்சி கட்டுங்க. தாய் ஆட்டோட எடையில முக்கால் பங்காவது வந்த பிறகு தான் முதல் தடவ கிடாய்க்கு விடணும்.

பதுளை ரோஜா
04.11.2024, இரவு 9.02

ஒரே கொட்டில் தான். ரெட்டைக் குட்டி, அண்ணனும் தங்கச்சியும். பிரிச்சிட்டேன். ராத்திரியெல்லாம் ரெண்டும் மாறி மாறி கத்துது.

நோர்வூட் சதீஸ்
05.11.2024, இரவு 10.11

செல்வி அக்கா, ஏன் கையால எண்ணுறீங்க, போன்ல சீட் ஒண்ணு தொறந்து A2ல விட்ட திகதிய போட்டு பக்கத்துல இத அடிங்க, வந்திரும்:

```
=A2+150
```

சாமிமலை செல்வி
06.11.2024, இரவு 8.25

சதீஸ் தம்பி, 12/06/2024ன்னு போட்டேன், 2025 மே 5ன்னு காட்டுது. அடுத்த வருசமா?? ஒரு நிமிசம் நெஞ்சே நின்னிருச்சி.

நோர்வூட் சதீஸ்
06.11.2024, இரவு 8.50

ஐயோ அக்கா மன்னிச்சிக்குங்க, உங்க போன் அமெரிக்கா முறையில இருக்கு, மாசத்த முதல்ல படிக்குது. 12/06ஐ டிசம்பர் 6ன்னு எடுத்திருச்சி. இப்பிடி அடிச்சா எந்த போன்லயும் குழம்பாது, வருசம் மாசம் நாள்னு வரிசையா:

```
=DATE(2024,6,12)+150
```

விடை திகதியா வராம 45000 மாதிரி நம்பரா வந்தா அந்தக் கட்டத்த திகதின்னு மாத்தி விடுங்க, கணக்கு சரி தான்.

சாமிமலை செல்வி
06.11.2024, இரவு 9.20

வந்திருச்சி, நவம்பர் 9. ஐயா சொன்ன அதே நாள்.

சாமிமலை செல்வி
10.11.2024, காலை 5.40

நேத்து 9 முடிஞ்சிருச்சி. ஒண்ணும் இல்ல. அஞ்சு ராத்திரியா ரெண்டு மணிக்கு ஒருக்கா எந்திரிச்சி டோர்ச் அடிச்சி பாக்குறேன், அது பாட்டுக்கு படுத்து அசை போட்டுக்கிட்டு என்னையே பாக்குது. மடி ஒண்ணும் பெருசா எறங்கல. போன தடவ இந்த நேரம் மடி விம்மி காம்பு ரெண்டும் வெளிய பாத்து நின்னிச்சின்னு ஞாபகம்.

வெலிமட ஐயா
10.11.2024, காலை 9.15

மடி எறங்கலங்கிறது எனக்கு இடிக்குது. ரெண்டாவது ஈத்து ஆடு, 151 நாள் ஆயிருச்சின்னா மடி தெரிஞ்சே ஆகணும்.

ஒண்ணு செய்யுங்க. வால் அடியில, முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும் விரல வச்சி கீழ அழுத்தி தடவுங்க. பென்சில் மாதிரி ரெண்டு நரம்பு கெட்டியா தட்டுப்படும். ஈனப்போற ஆட்டுக்கு அது தளர்ந்து தளர்ந்து கடைசியில கைக்கே அகப்படாம போயிரும், வால் அடிய ரெண்டு விரலால சுத்திப் பிடிக்கிற மாதிரி இருக்கும். அப்பிடி காணாம போனா பெரும்பாலும் ஒரு நாளைக்குள்ள குட்டி. கெட்டியா இருந்தா நீங்க ராத்திரி நிம்மதியா தூங்கலாம். தினம் ஒரே நேரத்துல பாருங்க, அப்ப தான் மாற்றம் தெரியும். ஒரு நாள் மட்டும் தொட்டுப் பாத்தா எது கெட்டி எது இளக்கம்னு கைக்கு தெரியாது.

சாமிமலை செல்வி
10.11.2024, இரவு 7.30

பாத்தேன். பென்சில்னு சொன்னீங்க, எனக்கு கம்பி மாதிரி இருந்திச்சி. ரெண்டு பக்கமும்.

ஹட்டன் ஆட்டுப்பட்டி
12.11.2024, இரவு 8.00

எனக்கும் ஒரு வழி சொல்லுங்க. 14 ஆடு, கிடா எப்பவும் கூடவே தான் மேயுது. எது எப்ப சேந்திச்சின்னே தெரியாது, திடீர்னு ஒண்ணு குட்டியோட வந்து நிக்கும். 150 நாள் எண்ண எனக்கு முதல் நாளே இல்லையே.

வெலிமட ஐயா
13.11.2024, காலை 6.20

கிடாவோட நெஞ்சுல காவிப் பொடிய எண்ணெயில குழைச்சி தடவி விடுங்க. அது ஏறின ஆட்டோட பின்னுக்கு கறை ஒட்டிக்கிரும். தினம் சாயங்காலம் பட்டிய அடைக்கும்போது கறை புதுசா பட்ட ஆட்ட குறிச்சி வைங்க, அது தான் உங்க முதல் நாள். ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா திரும்ப தடவணும், மழைக்கு கரைஞ்சி போயிரும். ரெண்டு வாரம் கழிச்சி நிறத்த மாத்துங்க. முதல்ல சிவப்பு பட்ட ஆட்டுக்கு மேல பிறகு மஞ்சள் பட்டா முதல் தடவ நிக்கலன்னு அர்த்தம், மஞ்சள் பட்ட நாள்ல இருந்து தான் எண்ணணும்.

சாமிமலை செல்வி
15.11.2024, காலை 10.10

நேத்து ஓட்டு போட்டுட்டு ஓடி வந்து பாத்தேன். 155. இன்னைக்கு போயா, 156. கம்பி அப்பிடியே தான் இருக்கு. மடி கொஞ்சம் உருண்ட மாதிரி தெரியுது, அது உண்மையா இல்ல நான் பாத்து பாத்து எனக்கு அப்பிடி தோணுதா தெரியல.

கீழ் லயத்துல ஒருத்தர் சொல்றாரு நாள் தாண்டிருச்சி, குட்டி உள்ளேயே செத்திரும், ஊசி போட்டு எடுக்கணும், எனக்கு தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்காரு கூட்டிட்டு வாறேன்னு. மாமியாரும் சரிங்கிறாங்க. எனக்கு கை கால் ஓடல. என்ன செய்ய?

தலவாக்கல குமார்
15.11.2024, காலை 10.45

156 நாள் ரொம்ப அதிகம். நானா இருந்தா போட்டிருவேன். இன்னைக்கு ராத்திரி பௌர்ணமி வேற, பௌர்ணமிக்கு தான் ஆடு மாடெல்லாம் ஈனும், பாப்பம்.

வெலிமட ஐயா
15.11.2024, காலை 11.00

செல்வி, ஊசி வேண்டாம். தயவு செஞ்சி யாரையும் ஆட்ட தொட விடாதீங்க. நாள் தாண்டின ஆடுன்னா மடி நெறஞ்சிருக்கும், அந்த நரம்பு இளகியிருக்கும். உங்க ஆட்டுல ரெண்டும் இல்ல. அப்ப நாள் தாண்டல, நாள் தப்பு. நாம எண்ண ஆரம்பிச்ச இடம் தப்புன்னு எனக்கு ஒவ்வொரு நாளும் உறுதியாகுது. நாள் நெறயாத குட்டிய ஊசியால வெளிய கொண்டு வந்தா அதுக்கு மூச்சு எடுக்க நெஞ்சு தயாரா இருக்காது. ஊசி போட வேண்டிய ஆடும் இருக்கு, அத மிருக வைத்தியர் பாத்து, விட்ட நாள் நிச்சயமா தெரிஞ்ச பிறகு தான் செய்வாரு.

இப்ப செய்ய வேண்டியது ஒண்ணு தான். சினை இருக்கான்னு பாருங்க. காலையில தீனி வைக்க முன்ன, ஆட்டோட வலது பக்கம், மடிக்கு முன்னால கீழ் வயித்துல உள்ளங்கைய வச்சி கொஞ்ச நேரம் அசையாம இருங்க. இடது பக்கம் இரைப்பை, அங்க அசைஞ்சா அது தீனி. வலது பக்கம் குட்டி ஒதைக்கும். சில ஆட்டுக்கு பொய்ச்சினையும் வரும், வயிறு பெருக்கும், கடைசியில தண்ணி மட்டும் போகும், குட்டி இருக்காது. அதயும் தெரிஞ்சிக்கணும்.

பதுளை ரோஜா
15.11.2024, பகல் 12.30

அக்கா ஊசி போடாதீங்க. எங்க அப்பா ரெண்டு வருசத்துக்கு முன்ன இப்பிடி தான் ஒருத்தர கூட்டி வந்து போட்டாரு. மூணு குட்டி, உரோமம் கூட சரியா வரல, பல் முளைக்கல, ஒண்ணு ஒரு மணி நேரம் வாயத் தொறந்து தொறந்து மூடிக்கிட்டு இருந்திச்சி. தாய்க்கும் நஞ்சு விழாம அஞ்சாம் நாள் போயிருச்சி. அப்பா இன்னும் அத பேசினா எந்திரிச்சி போயிருவாரு.

சாமிமலை செல்வி
16.11.2024, காலை 6.00

ஒதைச்சிச்சி. ரெண்டு தடவ. வலது பக்கம் கையில டொக்குன்னு. நான் அழுதிட்டேன். ஊசிக்காரர வேண்டாம்னு சொல்லிட்டேன், கீழ் லயத்து ஆளுக்கு என்மேல கோவம்.

பௌர்ணமிக்கு ஒண்ணும் நடக்கல குமார் அண்ணே.

சாமிமலை செல்வி
17.11.2024, இரவு 9.35

கெடச்சிருச்சி. ஐயா நீங்க முதல் நாளே கேட்டீங்க, நான் தான் இல்லன்னு சொல்லிட்டேன்.

இன்னைக்கு தம்பிகிட்ட உக்காந்து நிதானமா கேட்டேன், ஆடு கத்திச்சான்னு கேக்கல, நான் கொழும்புல இருந்தப்ப ஆடு எங்கயாச்சும் போச்சான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, ஒரு நாள் கயித்த அத்துக்கிட்டு போயிருச்சி, தேடினா மேல் டிவிசன் பெரிய கிடா பட்டியில போய் நிக்குது, நான் போட்டோ கூட எடுத்தேன்ங்கிறான். ஆடு ஓடிப் போனதுக்கு ஏசுவேன்னு தான் சொல்லலயாம். போன தேடிப் பாத்தா செவலை அந்த கிடா பக்கத்துல தலைய தூக்கிக்கிட்டு நிக்குது, போட்டோவுல திகதி ஜூலை 3.

ஜூன் 12ல இருந்து ஜூலை 3 எத்தன நாள்னு எண்ணினேன். 21.

வெலிமட ஐயா
18.11.2024, காலை 5.50

அது தான். ஆடு சினை நிக்கலன்னா 21 நாளைக்கு ஒருக்கா, கொஞ்சம் முன்ன பின்ன, திரும்ப பருவத்துக்கு வரும். உங்க மாமியார் பொய் சொல்லல, பருவம் ஒரு நாள் ரெண்டு நாள் தான் இருக்கும், கத்தாத ஆடும் உண்டு. ஆடு கயித்த அத்துக்கிட்டு கிடா இருக்கிற பட்டிக்கு போறது தான் அதோட கத்தல்.

ஜூலை 3ல அஞ்சு மாசம் எண்ணினா டிசம்பர் 3. மூணு கழிங்க. நவம்பர் 30. இனி 25ல இருந்து டிசம்பர் 5 வரைக்கும் உங்க காவல்.

தலவாக்கல குமார்
18.11.2024, காலை 8.30

அப்ப நான் ஊசி போடச் சொன்னது... போட்டிருந்தா 15ஆம் திகதி கணக்குக்கு அது 135 நாள் தானே. நல்ல வேள தங்கச்சி, நீங்க கேக்கல. பெப்ரவரி கணக்கு நான் இத்தன வருசமா கவனிச்சதே இல்ல, என் ஆடெல்லாம் தை மாசி தான் கிடாய்க்கு போகும், அதனால எனக்கு எப்பவும் சரியா வந்திச்சி.

பௌர்ணமி விசயத்துல மட்டும் நான் விட்டுக் குடுக்க மாட்டேன், எங்க தாத்தா காலத்துல இருந்து பாத்தது.

சாமிமலை செல்வி
18.11.2024, இரவு 8.15

ஒரு விசயத்துல எனக்கு மனசு ஆறல. நவம்பர் 9ன்னு நெனச்சி, ரெண்டு மாசம் முன்ன பால வத்த விடணும்னு செப்டம்பர் முதல் வாரமே கறக்கிறத நிப்பாட்டிட்டேன். சரியான கணக்குக்கு செப்டம்பர் கடைசி வரைக்கும் கறந்திருக்கலாம். தினம் அரை லீட்டர், மூணு வாரம். சின்னவளுக்கு அந்த நாளெல்லாம் மாப்பால் தான் கரைச்சி குடுத்தேன். புண்ணாக்கும் மூணு வாரம் முந்தியே கூட்டி வைக்க ஆரம்பிச்சிட்டேன், அது நட்டமா நல்லதா?

வெலிமட ஐயா
19.11.2024, காலை 6.10

பால் போனது நட்டம். தீனி பரவாயில்ல. குட்டி வளருறது பெரும்பாதி கடைசி ஒன்றரை மாசத்துல தான், இப்ப தான் அதுக்கு வேணும். ஆனா குட்டி பெருசானா வயித்துல புல்லுக்கு இடம் குறையும், ஒரே நேரத்துல வைக்காம நாலு தடவையா பிரிச்சி வைங்க. இனி ஆடு தீனிய மொத்தமா விட்டிட்டு, மூலையில நின்னு தள்ளாடிச்சின்னா அது நாள் நெருங்கின அறிகுறின்னு இருந்திராதீங்க, ரெட்டைக்குட்டி ஆட்டுக்கு சத்து பத்தாம வர்ற நோய் அது, அன்னைக்கே வைத்தியர்.

சாமிமலை செல்வி
25.11.2024, இரவு 10.00

145. மழை நிக்கவே இல்ல. நரம்பு முந்தாநாள விட இளகியிருக்கு, கம்பி இல்ல இப்ப, ஐயா சொன்ன பென்சில். மடி நல்லா உருண்டிருச்சி, இது என் கண்ணு இல்ல, தம்பியும் சொல்றான்.

சாமிமலை செல்வி
27.11.2024, இரவு 9.10

நாடு பூரா வெள்ளம்ங்கிறாங்க, ஏ.எல். பரீட்சையயே நிறுத்தி வச்சிட்டாங்க. எங்களுக்கு மேல மண் சரியுமோன்னு ஒரு பயம், கீழ ஆடு. கொட்டில் கூரையில தகரம் ஒண்ணு தூக்குது, தம்பி கல் வச்சிட்டான். காஞ்ச சாக்கு நாலு, பழைய துணி, அயடின் போத்தல் எல்லாம் ஒரு வாளியில போட்டு மூடி வச்சிருக்கேன். பலாக் கொழை வெட்டி உள்ள கட்டியாச்சி.

சாமிமலை செல்வி
28.11.2024, மாலை 5.45

நரம்பு காணோம். ரெண்டு பக்கமும் தேடித் தேடி பாத்தேன், இல்ல. வால் அடி வெண்ணெய் மாதிரி. பின்னால கண்ணாடி மாதிரி ஒரு நூல் தொங்குது. காலால தரைய தரைய சுரண்டுது, படுக்குது, எந்திரிக்குது. ஐயா இருக்கீங்களா?

வெலிமட ஐயா
28.11.2024, மாலை 6.02

இருக்கேன். முக்க ஆரம்பிக்கிற நேரத்த கடிகாரத்துல பாத்து எழுதி வைங்க. சும்மா படுத்து எந்திரிக்கிறது மணிக்கணக்கா நடக்கும், அது பரவாயில்ல. நல்லா முக்க ஆரம்பிச்சி அரை மணி நேரம் தாண்டியும் முன்னங்கால் ரெண்டும் மூக்கும் வெளிய தெரியலன்னா உடனே வைத்தியருக்கு போன் போடுங்க. நம்பர இப்பவே எடுத்து வைங்க, ராத்திரி சிக்னல் தேடாதீங்க. அது வரைக்கும் கைய உள்ள விடாதீங்க.

சாமிமலை செல்வி
29.11.2024, அதிகாலை 3.20

ரெண்டு. முக்க ஆரம்பிச்சது 11.20. முதல் குட்டி 11.40க்கு, பொட்டை. கால் ரெண்டு, அதுக்கு மேல மூக்கு, ஐயா சொன்ன மாதிரியே. ரெண்டாவது 12.10க்கு, கிடா, அது அசையாம கெடந்திச்சி, மூக்கு வாயெல்லாம் துடைச்சி சாக்கால நெஞ்ச அழுத்தி அழுத்தி தேய்ச்சேன், தும்மிச்சி. அந்தத் தும்மலுக்கு மாமியார் சாமி படத்துக்கு முன்னால போய் நின்னுட்டாங்க. தொப்புளுக்கு அயடின் போட்டாச்சி, ரெண்டும் சீம்பால் குடிச்சிருச்சி, கிடாக்குட்டிக்கு காம்பு பிடிக்கத் தெரியல, நான் பிடிச்சி வாயில வச்சேன். மூணு மணிக்கு நஞ்சு விழுந்திச்சி. வெளிய மழை. உள்ள ரெண்டும் காஞ்ச சாக்குல சூடா கெடக்கு.

ஜூலை 3ல இருந்து முதல் குட்டிக்கு 148 நாள், ரெண்டாவதுக்கு 149. ஒரே வயித்துல வந்து ரெண்டுக்கும் பொறந்த நாள் வேற வேற.

வெலிமட ஐயா
29.11.2024, காலை 5.30

நல்லது மகளே. நஞ்சு பன்னெண்டு மணி நேரத்துக்குள்ள விழணும், மூணே மணி நேரத்துல விழுந்திருச்சி, ரொம்ப நல்லது. ரெட்டைன்னதால ரெண்டு நாள் முந்தினது சரி தான். இப்ப தூங்குங்க.

நோர்வூட் சதீஸ்
29.11.2024, காலை 8.40

அக்கா சந்தோசம். ஒரு கேள்வி மட்டும் எனக்கு நிக்குது. ஜூன் 12ல மொத்தமா நிக்கலையா, இல்ல நின்னு கலைஞ்சி திரும்ப பருவத்துக்கு வந்திச்சா?

வெலிமட ஐயா
29.11.2024, மாலை 6.45

சரியா 21ஆம் நாள் வந்ததால நிக்கவே இல்லன்னு தான் நான் நினைக்கிறேன், கலைஞ்சிருந்தா பெரும்பாலும் இன்னும் சுணங்கி வந்திருக்கும். சின்ன கிடாய்க்கு விட்டாங்களா, ஒரு தடவ மட்டும் ஏறிச்சா, பருவம் முடியிற நேரத்துல விட்டாங்களா, அது செல்விக்கு தான் தெரியும்.

சாமிமலை செல்வி
30.11.2024, இரவு 7.20

ஐயா, ஒரு தடவ தான். இரவலுக்கு வாங்கின கிடா, ஒரு மணி நேரத்துல திருப்பிக் கேட்டாங்க. சின்ன கிடாவும் தான். குட்டி ரெண்டுக்கும் காது மேல் டிவிசன் கிடா மாதிரியே மடிஞ்சி தொங்குது.

ஹட்டன் ஆட்டுப்பட்டி
07.12.2024, இரவு 8.30

காவி தடவினேன் ஐயா. இன்னைக்கு சாயங்காலம் முதல் கறை, வெள்ளச்சி மேல. அப்ப எப்ப?

சாமிமலை செல்வி
07.12.2024, இரவு 8.50

ஐயா தூங்கிருப்பாரு, நான் சொல்றேன். டிசம்பர்ல விட்டா ஒரு நாள் தான் கழிக்கணும், மே 7ல ஒண்ணு போனா மே 6. அடுத்த வருசம் பெப்ரவரிக்கு 28 தான், அதனால இன்னும் கழிக்க தேவையில்ல. ஆனா அண்ணே, மே மாசத்துல வட்டம் போட முன்ன இந்த மாசம் 28ஆம் திகதியில ஒரு வட்டம் போடுங்க. கிடா நெஞ்சுல அதுக்கு முன்னமே மஞ்சள் தடவி வச்சிருங்க.